தெரிந்த முகம் இல்லாத மண்டபம்

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக வணிகப் பள்ளியில் பணியாற்றும் பால் இங்ரம், மைக்கேல் மோரிஸ் ஆகிய இருவரும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொழில் உலகைச் சேர்ந்த சுமார் 100 பேரை ஒரு மாலை விருந்துக்கு அழைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு மின்னணுப் பெயர் அட்டையை அணிவித்தார்கள். யார் யாரை எதிர்கொண்டார், எவ்வளவு நேரம் பேசினார் என்பதை அந்த அட்டையே பதிவு செய்துகொள்ளும். புதியவர்களைச் சந்திக்கத்தான் வருகிறோம் என்று வந்தவர்களில் பெரும்பாலோர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பதிவுகளைப் பார்த்தால் கதை வேறாக இருந்தது. தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்களைத் தேடிப் போய், அவர்களோடுதான் அதிகம் பேசியிருந்தார்கள். அன்று மாலை கலந்து பழகுவதில் முதலிடம் பெற்றவர் விருந்தினர்களில் ஒருவர்கூட இல்லை. மேடைக்குப் பின்னால் நின்று பானம் ஊற்றிக் கொடுத்த பணியாளர்தான் அவர்.

ஒரு கருத்தரங்குக்கு முதல் தடவையாகத் தனியே போகிறவருக்கு இந்த ஆய்வில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. மண்டபத்தில் கூட்டம் கூட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார்களே, அவர்கள் நம்மைவிடப் பேச்சுத் திறமை உள்ளவர்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. பாதிப்பேர் பழைய அலுவலக நண்பர்கள், கல்லூரித் தோழர்கள். புதிய ஆளிடம் பேசத் தயங்கித்தான் அங்கே ஒதுங்கியிருக்கிறார்கள். பானம் ஊற்றியவர் கதை சொல்வது அதைவிட முக்கியமானது. அவர் சாமர்த்தியமான வாக்கியம் எதையும் தயார் செய்துகொண்டு வரவில்லை. எல்லோரும் வந்தே தீர வேண்டிய ஓர் இடத்தில் நின்றார், அவ்வளவுதான்.

முதல் வாக்கியம் என்ன என்று மண்டையைக் குடைந்துகொள்கிறவர்கள் எங்கே நிற்பது என்பதைப் பற்றி யோசிப்பதே இல்லை. பெரும்பாலும் இரண்டு இடங்களில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, சுவரோரம் கைப்பேசியைப் பார்த்தபடி நிற்பது. குனிந்த தலையும் திரை வெளிச்சமும் சேர்ந்து 'முக்கியமான வேலையில் இருக்கிறேன்' என்று அறிவித்துவிடுகின்றன. நல்ல மனதுள்ளவர்கள் தொந்தரவு செய்யாமல் விலகிப் போகிறார்கள். இன்னொன்று, வாசல். உள்ளே நுழைகிறவர் பையைத் தூக்கிக்கொண்டு, பதிவு செய்யும் மேசையைத் தேடி, கழிவறை எங்கே என்று பார்த்துக்கொண்டு வருகிறார். அவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தால் எப்படிப்பட்ட வாக்கியமும் எடுபடாது.

எடுபடும் இடம், தேநீர் வரிசை முடிகிற இடம். கோப்பையை வாங்கிய கையோடு ஒருவர் திரும்பும்போது, எங்கே போய் நிற்பது என்று அவருக்கும் தெரியாது. அந்தச் சில விநாடிகள் அவர் கண் அறையைத் துழாவும். அருகே ஓர் உயரமான மேசை இருந்து, அங்கே ஒருவர் நின்று 'வாங்க, இங்கே வைங்க' என்று சொன்னால் வேண்டாம் என்பவர் யார்? அதற்கு அடுத்த நல்ல இடம், அரங்கின் இருக்கை. உரை தொடங்குவதற்கு முந்தைய சில நிமிடங்கள் பக்கத்து இருக்கைக்காரர் எங்கும் எழுந்து போக முடியாது. பேச்சு சரிப்படாவிட்டால் உரை தொடங்கி இருவரையும் காப்பாற்றிவிடும். ஆய்வு மாநாடுகளில் சுவரொட்டி விளக்கக்காட்சி என்று ஒன்று இருக்கும். தன் ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு மாட்டிவிட்டு, அதன் பக்கத்திலேயே யாராவது வர மாட்டார்களா என்று ஒருவர் காத்திருப்பார். 'இந்தப் படம் என்ன சொல்லுதுங்க?' என்று கேட்டால் போதும்.

சரி, எல்லோரும் குழுக்களாக நிற்கும்போது யாரிடம் போவது? இதற்கு ஆடம் கெண்டன் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் படம்பிடித்துப் பார்த்துப் பதில் எழுதியிருக்கிறார். மனிதர்கள் நின்று பேசும்போது தங்களுக்கு நடுவே ஒரு வெற்றிடத்தை உண்டாக்கிக்கொள்கிறார்கள். குழுவில் உள்ள எல்லோருக்கும் அந்த இடத்தில் சம உரிமை; வெளியாள் அதன் குறுக்கே நடப்பதில்லை. இருவர் நேருக்கு நேர் நின்றால் அந்த இடம் மூடிவிடுகிறது. பக்கவாட்டிலோ, 'ட' எழுத்தின் மூலை போலச் செங்கோணமாகவோ நின்றால் ஒரு பக்கம் திறந்திருக்கிறது. புதிதாக ஒருவர் நெருங்கும்போது முதலில் வெளி விளிம்பில்தான் நிற்கிறார். உள்ளே இருப்பவர்கள் சற்று நகர்ந்து இடம் விட்ட பிறகுதான் அவர் குழுவில் ஒருவர்.

இதில் பார்க்க வேண்டியது பாதங்களை. நெருங்கி வருபவரைப் பார்த்துத் தலை மட்டும் திரும்பி, தோளும் காலும் அப்படியே இருந்தால் அது மரியாதைக்கான தலையசைப்பு. உள்ளே வா என்ற அழைப்பு அல்ல. ஒரு கால் அரை அடி பின்வாங்கினால் கதவு திறந்தாயிற்று.

மென்பொருள் உலகில் இதையே ஒரு விதியாக்கியவர் எரிக் ஹோல்ஷர். மென்பொருளுக்கு ஆவணம் எழுதுபவர்களுக்கான 'ரைட் தி டாக்ஸ்' மாநாடுகளைத் தொடங்கியவர்களில் ஒருவர். நின்று பேசும் குழு எப்போதும் இன்னும் ஒருவர் வந்து சேரும்படி ஓர் இடைவெளி விட்டே நிற்க வேண்டும் என்பது அவர் சொன்ன வழக்கம். மேலிருந்து பார்த்தால் வட்டத்தில் ஒரு வாய் பிளந்திருக்கும். பழைய வீடியோ விளையாட்டில் புள்ளிகளைத் தின்றுகொண்டு ஓடும் மஞ்சள் உருவத்தின் நினைவில் 'பேக்மேன் விதி' என்று பெயர் வைத்தார். பைத்தான் மொழிக்காரர்களின் மாநாடுகளிலும் இது பரவியது. புதியவரின் துணிச்சலை மட்டும் நம்பாமல், ஏற்கெனவே நிற்பவர்கள் மீது கொஞ்சம் பொறுப்பைச் சுமத்துகிறது என்பதே இந்த விதியின் நல்ல அம்சம். நம் ஊர் அமைப்பாளர்கள் குத்துவிளக்கு ஏற்றிய கையோடு இதை ஒருமுறை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும்.

இடம் அமைந்தாயிற்று. இனி வாய் திறக்க வேண்டும்.

எடின்பரோவில் பணியாற்றிய மொழியியலாளர் ஜான் லேவர் 1975இல் எழுதிய கட்டுரை ஒன்றில், அந்நியர்கள் பேச்சைத் தொடங்கும் வாக்கியங்களை மூன்று வகையாகப் பிரித்தார். முதல் வகை இருவருக்கும் பொதுவான சூழலைப் பற்றியது: வெயில், மழை, வரிசையின் நீளம், அரங்கின் குளிர். இரண்டாவது வகை பேசுகிறவர் தன்னைப் பற்றிச் சொல்வது. மூன்றாவது வகை, எதிரில் இருப்பவரைப் பற்றிக் கேட்பது. எந்த வகையை யார் யாரிடம் எடுக்கலாம் என்பதில் ஒரு ஒழுங்கு இருப்பதாக லேவர் கண்டார். சூழலைப் பற்றி யாரும் யாரிடமும் பேசலாம். இளையவர் பெரியவரிடம் தன்னைப் பற்றிச் சொல்லித் தொடங்கலாம். பெரியவர் இளையவரைப் பற்றி விசாரித்துத் தொடங்கலாம். தலைகீழாக, இளையவர் எடுத்த எடுப்பிலேயே பெரியவரின் சொந்த விஷயத்துக்குள் நுழைந்தால் அத்துமீறலாகிவிடும்.

லேவர் ஆங்கிலேயர்களைப் பார்த்து எழுதியது இது. ஆனால் தமிழ்நாட்டுக் கருத்தரங்கில் நின்று பார்க்கிறவருக்கு அவர் நம்மைத்தான் பார்த்து எழுதினாரோ என்று தோன்றும். மூத்த பேராசிரியர் ஒருவர் இளம் பொறியாளரிடம் 'எந்த காலேஜ் நீங்க? யார்கிட்ட படிச்சீங்க?' என்று கேட்டால் அது அன்பு. அந்தப் பொறியாளர் பேராசிரியரிடம் 'சார், ரொம்ப டயர்டா தெரியறீங்களே' என்று தொடங்கினால் பேராசிரியரின் முகம் மாறும். அதே ஆள், 'சார், உங்க பேச்சைக் கேட்கத்தான் விடியக்காலை பஸ் பிடிச்சு வந்தேன்' என்று தன்னைப் பற்றிச் சொன்னால், 'அப்படியா, எங்கேருந்து?' என்ற கேள்வி தானாக வந்துவிடும். பேச்சின் கடிவாளம் பெரியவர் கைக்கே போய்விட்டது, இருவருக்கும் நிம்மதி.

பார்க்கப்போனால் முதல் வாக்கியத்தின் வேலை இவ்வளவுதான். எதிரில் இருப்பவர் சிரமமில்லாமல் ஒரு பதில் சொல்ல இடம் கொடுத்தால் போதும். அதில் நகைச்சுவையும் மேதாவித்தனமும் தேவையில்லை. உண்மையில் அவை சில சமயம் கெடுதல். அதே உயரத்தில் பதில் சொல்ல வேண்டுமே என்று எதிராளி திணறிப்போகிறார்.

ஆனால் எல்லாச் சாதாரண வாக்கியமும் தீங்கற்றது என்று சொல்லிவிட முடியாது. தமிழர் கூட்டங்களில் மிக இயல்பாக வாயில் வந்து விழும் கேள்வி 'உங்களுக்குச் சொந்த ஊர் எது?' என்பது. கேட்பவருக்கு அது வெறும் ஊர்ப்பாசமாக இருக்கலாம். ஆனால் 'அந்த ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?' என்று தொடரும் விசாரணை எதைத் தேடிப் போகிறது என்பது கேட்கப்படுபவருக்கு நன்றாகத் தெரியும். அதை அனுபவித்தவர்கள் முதல் கேள்வியிலேயே உள்ளுக்குள் சுருங்கிவிடுகிறார்கள். 'இன்னைக்கு எங்கேருந்து வர்றீங்க?' என்று கேட்டால் பயணத்தைப் பற்றிய பேச்சாக அது நின்றுவிடும். இரண்டு நாள் மாநாடுகளில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு கேள்வி, 'எங்கே தங்கியிருக்கீங்க?' தனியாக வந்திருக்கும் ஒரு பெண்ணிடம் அறிமுகமில்லாத ஆண் கேட்கக் கூடாத முதல் கேள்வி அது. உள்நோக்கம் இல்லை என்று கேட்டவர் சத்தியம் செய்யலாம். அந்தப் பெண் மாலைவரை அவரைத் தவிர்க்கத்தான் செய்வார். சாப்பாட்டைக் குறை சொல்லித் தொடங்குவதும் ஆபத்துதான். கேட்டுக்கொண்டிருப்பவரே சாப்பாட்டுக் குழுவின் பொறுப்பாளராக இருக்கக்கூடும். கழுத்தில் தொங்கும் அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

ஒரு கற்பனைக் காட்சியை முழுதாகப் பார்க்கலாம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கவனித்துக்கொள்ளும் இளைஞர் ஒருவர். சாயக் கழிவு வெளியேறினால் ஆலையையே மூடு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக்கூட ஆற்றில் விடாமல் நீரைத் திரும்பப் பயன்படுத்தியாக வேண்டிய ஊர் அது. அவர் நிலையத்தில் எதிர்ச் சவ்வூடு பரவல் எந்திரத்தின் மெம்பரேன், இருக்க வேண்டியதைவிடச் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. கோவையில் நீர் மேலாண்மை பற்றி ஒரு கருத்தரங்கு. முதலாளி அனுப்பிவைத்திருக்கிறார். அங்கே அவருக்கு ஒருவரையும் தெரியாது.

பதிவு மேசையில் இருக்கும் தன்னார்வலரிடம் அவர் கேட்கிறார்: 'முதல் தடவையா வர்றேங்க. மெம்பரேன் பத்திப் பேசுறது எந்த ஹாலுங்க?' வழி கேட்பது யாருக்கும் கூச்சம் தராத பேச்சு. அதைவிட, உதவுவதற்கென்றே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் அன்றைய முதல் பேச்சைப் பேசிவிட்டால் தொண்டை திறந்துகொள்ளும். பெரும்பாலோர் அந்த மேசையில் பையையும் அட்டையையும் வாங்கிக்கொண்டு மௌனமாக நகர்ந்துவிடுகிறார்கள்.

பதினொரு மணித் தேநீர் இடைவேளைக்கு முன்பே அவர் ஒரு தவறான குழுவிடம் போகிறார். இருவர் நேருக்கு நேர் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவர் 'வணக்கங்க' என்கிறார். இரண்டு தலைகள் திரும்பிப் புன்னகைக்கின்றன, பாதங்கள் நகரவில்லை. அவர் 'அப்புறம் பார்க்கலாங்க' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். பத்து விநாடியில் முடிந்தது. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. இதையே தோல்வி என்று எண்ணிச் சுவரோரம் போய்விடுகிறவர்கள் பலர். அந்த இருவரும் ஏதாவது விலை பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அரங்கில் உரை முடிந்ததும் கேள்வி நேரம். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து, மெம்பரேனை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது என்று கேட்கிறார். பேச்சாளர் பொதுவாக ஏதோ சொல்லி முடித்துவிடுகிறார். திருப்பூர் இளைஞருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தேநீர் மேசையருகே அந்தப் பெண் தனியாக நிற்கும்போது, நேர் எதிரே மறித்துக்கொள்ளாமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று சொல்கிறார்: 'மேடம், உள்ளே நீங்க கேட்டதுக்கு அவர் முழுசா பதில் சொல்லலைங்க. எங்க யூனிட்லயும் அதே தொந்தரவுதான்.'

இந்த வாக்கியத்தைச் சற்றுப் பிரித்துப் பார்ப்பது தகும். முதல் பாதி இருவரும் சேர்ந்து பார்த்த ஒன்றைப் பற்றியது, லேவர் சொன்ன சூழல் வகை. இரண்டாம் பாதி தன்னைப் பற்றியது. அந்தப் பெண்ணின் சொந்த விவரம் எதையும் அது கேட்கவில்லை. ஆனாலும் அவர் சொன்ன ஒன்றைக் காது கொடுத்துக் கேட்டதற்கு அத்தாட்சி அதில் இருக்கிறது. கேள்விக்குறியே இல்லை; விருப்பமில்லையென்றால் 'ஆமாங்க' என்று சொல்லிவிட்டு அவர் நகரலாம். இந்தப் பெண் நகரவில்லை. 'உங்களுக்கு எவ்வளவு நாள்ல அடைக்குது?' என்று கேட்கிறார். எதிர்க்கேள்வி வந்துவிட்டால், பேச்சு பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். முதல் வாக்கியத்துக்கு மட்டும் ஒத்திகை பார்த்து வந்தவர்கள், அது பலித்தவுடன் அடுத்து என்ன என்று தெரியாமல் புதிய தலைப்புக்குத் தாவுகிறார்கள்: 'நீங்க எத்தனை வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கீங்க?' பேச்சு உடனே நேர்முகத் தேர்வாகிவிடுகிறது. ஹார்வர்டில் கேரன் ஹுவாங், ஆலிசன் வுட் புரூக்ஸ் முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத் தொடுகிறது. அதிகம் கேள்வி கேட்பவரை எதிராளிக்குப் பிடித்துப்போகிறது என்று அவர்கள் கண்டார்கள். அந்தப் பலன் பெரும்பாலும், எதிராளி அப்போது சொன்னதையே பிடித்துக்கொண்டு கேட்கும் தொடர் கேள்விகளால் வந்தது. தலைப்பை மாற்றும் கேள்விக்கும், அவர் கேட்டதையே திருப்பிக் கேட்கும் கேள்விக்கும் அந்த வலு இல்லை.

நம் இளைஞர் தன் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்கிறார். வெளிவரும் நல்ல நீரின் அளவு 10 சதவீதம் குறைந்ததும் கழுவ வேண்டும் என்பது பொது வழக்கம். அவர்கள் அமிலம் விட்டுக் கழுவுகிறார்கள், ஆனால் பழைய அளவு திரும்பவில்லை. அந்தப் பெண், தங்களுக்கும் அப்படித்தான் இருந்தது, அப்புறம் கழுவும் வரிசையை மாற்றினோம் என்கிறார். 'வரிசையை மாத்தினீங்களா? எப்படிங்க?' இதுதான் தொடர் கேள்வி. இதற்கு எந்தத் திறமையும் வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும். உப்புப் படிவத்தைக் கரைக்க அமிலம், சாயம் போன்ற கரிமப் பொருள்களை நீக்கக் காரம். படிவத்தின் மேல் கரிமப் படலம் மூடியிருந்தால் அமிலம் உள்ளே இறங்காது; முதலில் காரம் விட்டுப் பார்த்தோம் என்று அவர் விளக்குகிறார். ஐந்து நிமிடம் போனது தெரியவில்லை. இதற்குள் இருவரும் இன்னும் பெயர் சொல்லிக்கொள்ளவில்லை. அது குறையும் இல்லை. பேச்சுக்கு நடுவே 'உங்க பேர் கேட்கவே இல்லையே' என்று வரும் அறிமுகம், விசிட்டிங் கார்டை முதலில் நீட்டும் அறிமுகத்தைவிட நன்றாகவே ஒட்டும்.

அப்போது ஒரு ரசாயன விற்பனைக்காரர் அந்த மேசையை நோக்கி வருகிறார். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். இளைஞர் தன் வலது காலை அரை அடி பின்னால் வைக்கிறார். மூன்றாமவர் வந்து சேர, 'இவங்க திருப்பூர், இவங்களுக்கும் நம்ம பிரச்சினைதான்' என்று அந்தப் பெண் அறிமுகம் செய்கிறார். காலையில் யாரையும் தெரியாமல் வந்தவரை, இப்போது இன்னொருவரிடம் அறிமுகப்படுத்த ஒருவர் இருக்கிறார்.

இப்படிப் பேசிவிட்டுத் திரும்பும்போது பலருக்கும் ஓர் உறுத்தல் வரும்: அதிகம் பேசிவிட்டோமோ, அசடு வழிந்தோமோ? எரிக்கா பூத்பி, கஸ் கூனி, கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், மார்கரெட் கிளார்க் ஆகியோர் 2018இல் இதை ஆராய்ந்தார்கள். அப்போதுதான் சந்தித்த இருவரைப் பேசவைத்து, தனித்தனியே கேட்டார்கள். உண்மையில் எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்திருந்ததோ, அதைவிடக் குறைவாகவே பிடித்திருக்கும் என்று மக்கள் நம்பினார்கள். ஆகவே பேச்சு எப்படிப் போனது என்று தீர்மானிக்கத் தன் மனக்குறையை ஆதாரமாகக் கொள்வது சரிப்படாது. அவர் எதிர்க்கேள்வி கேட்டாரா, வேறு யாரிடமாவது அறிமுகம் செய்தாரா, கோப்பை காலியான பிறகும் நின்றாரா என்று பார்ப்பது நம்பகமானது. பதில்கள் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கி, பார்வை தோளுக்கு மேலே போய், காலியான கோப்பையை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தால், அது கிளம்புவதற்கான நேரம்.

கிளம்புவதிலும் சங்கடம் இருக்கத்தான் செய்கிறது. மணி அடிக்கும்வரை காத்திருப்பவர்கள் உண்டு; கழிவறையைச் சாக்காகச் சொல்பவர்கள் உண்டு. திருப்பூர் இளைஞர் எளிதான வழியை எடுத்துக்கொள்கிறார்: 'உங்க டீயைக்கூடக் குடிக்க விடலைங்க. அந்தக் கழுவுற வரிசையை மட்டும் வாட்ஸப்ல அனுப்ப முடியுங்களா மேடம்?' கேட்பது சின்ன உதவி, காரணமும் தெளிவு, அதனால் எண்ணைத் தருவதில் அந்தப் பெண்ணுக்குத் தயக்கமில்லை. 'டச்ல இருப்போம்' என்று சொல்லிப் பிரிந்திருந்தால் அந்த எண்ணுக்கு அவர் அடுத்து என்ன எழுதுவார்?

மறுநாள் காலை அவர் அனுப்பும் செய்தியில் தன் பெயருக்கு முன்னால் 'நேத்து டீ டைம்ல மெம்பரேன் அடைப்பு பத்திப் பேசினேங்க, திருப்பூர்' என்று இருக்கிறது. ஒரே நாளில் பல கைகளைக் குலுக்கியவருக்குப் பெயர் மறந்திருக்கும், பிரச்சினை மறந்திருக்காது. கூடவே தன் நிலையத்தின் ஒரு வாரத்து அழுத்த அளவுப் பதிவேட்டைப் படமெடுத்து அனுப்புகிறார். மதியத்துக்குள் பதில் வருகிறது: காரம் எவ்வளவு நேரம், அமிலம் எவ்வளவு நேரம் என்று கையால் எழுதிய ஒரு தாளின் படம், அதன் கீழே ஒரு கேள்வி: 'உங்க மூணாவது நாள் ரீடிங் ஏன் திடீர்னு ஏறியிருக்கு?'